ஏட்டில் இல்லாத எழுத்தை நாம் எழுதலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பாடும் பாட்டு, என் பூட்டனார் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பனையோலை ஏட்டில் இருக்கிறது. போனில் படம் எடுத்துப் பார்த்து எழுதுகிறேன். பல எழுத்துகள் விளங்கவில்லை. கும்பாபிஷேக மலரில் போடக் கோயில் கமிட்டி கேட்கிறது. "அடைப்புக்குறி, கேள்விக்குறி எல்லாம் போடாதே, பொருத்தமாக நிரப்பிக் கொடு" என்கிறார்கள். முழுவதையும் படித்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார், ஏட்டையும் கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம், ஐயா? (பண்டாரவளைப் பக்கத்து வாசகர்)

பதில்: ஏட்டைக் கொடுக்க வேண்டாம். பொருத்தமாக நிரப்பவும் வேண்டாம். அடைப்புக்குறிகளோடே மலரில் வரட்டும். கமிட்டிக்கு அழகு வேண்டுமென்றால் பக்க ஓரத்தில் தாமரைப்பூ போட்டுக்கொள்ளலாம்.

குறி போடுவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. இரண்டு அடைப்புகளே போதும். ஓலையில் எழுத்து இருக்கிறது, ஆனால் அது எதுவென்று உங்களுக்கு உறுதியில்லை என்றால் வட்ட அடைப்பு. ஓலையில் எழுத்தே இல்லை, ஒடிந்தோ பூச்சி அரித்தோ போய்விட்டது என்றால் சதுர அடைப்பு. போன எழுத்து எதுவென்று தெரியாவிட்டால் ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளியாக [..] என்று போடுங்கள். நீங்களாக ஊகித்து நிரப்புவதாக இருந்தாலும் [யே] என்று சதுர அடைப்புக்குள்தான் அது வர வேண்டும். கல்வெட்டும் பழைய சுவடியும் படிப்பவர்கள் 1931இல் லெய்டன் நகரில் கூடி இப்படியான குறிகளை ஒழுங்குபடுத்தினார்கள். சதுர அடைப்பு அதில் உள்ளதுதான். உறுதியில்லாத எழுத்துக்கு அவர்கள் அடியில் புள்ளி வைப்பார்கள், உங்கள் வேலைக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் வட்ட அடைப்பு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓலையில் இருப்பது இருக்கிறபடி:

கொடியெறககணடொமெமாரிததா

அதற்குப் பிறகு ஓலை ஒடிந்திருக்கிறது. நீங்கள் இதை "கோடி பெறக் கண்டோமே மாரித் தாயே" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மனுக்குக் கோடிச் சேலை சாத்துவது வழக்கம்தானே, பொருளும் பொருந்தித்தான் வருகிறது. ஆனால் அந்த மூன்றாவது எழுத்தில் இருப்பது 'ய'வா 'ப'வா? ஏட்டெழுத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இடப்பக்கத்துச் சுழியில்தான். அந்த இடத்தைத்தான் பூச்சி கடித்திருக்கிறது. 'ய' என்று படித்தால் "கொடியேறக் கண்டோமே". திருவிழாப் பாட்டில் கொடியேற்றம் வராமல் இருக்குமா? ஆக இரண்டும் பொருள் தருகிறது. அர்த்தம் வருகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வேறு சாட்சி தேட வேண்டும். இதற்கு இணையான முந்திய அடி "அடிதொழுத பிள்ளை காக்கும் தாயே" என்று தெளிவாக இருக்கிறது. எதுகை பார்த்தால் இரண்டாம் எழுத்து 'டி' ஒத்து வருகிறது. எதுகையில் முதல் எழுத்தின் குறில், நெடிலும் ஒத்துப்போக வேண்டும். 'அடி'க்கு 'கொடி' சரியாக நிற்கும், 'கோடி' நிற்காது. அதனால் நான் 'கொடியேற' என்ற பக்கம் சாய்கிறேன். ஆனாலும் தோட்டத்தில் வாய்வழியாக வந்த பாட்டு யாப்பிலக்கணப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. எனவே வட்ட அடைப்பு அப்படியே இருக்கட்டும்.

கடைசியில் ஒடிந்த இடத்தில் எத்தனை எழுத்து போயிருக்கும்? மேல் வரியும் கீழ் வரியும் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். இங்கே சுமார் இரண்டு எழுத்தின் அகலம் குறைகிறது. 'யே' என்பது ஏட்டில் கொம்பு ஒன்று, எழுத்து ஒன்று என்று இரண்டு இடம் பிடிக்கும். மற்ற அடிகளும் 'தாயே' என்றே முடிகின்றன. இட அளவும் வழக்கமும் ஒத்துவருவதால் நிரப்பலாம், ஆனால் சதுர அடைப்புக்குள். ஆக மலரில் வர வேண்டிய வரி:

கொடி(யே)றக் கண்டோமே மாரித் தா[யே]

கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: "(யே): 'பெ' என்றும் படிக்கலாம், அப்படியானால் 'கோடி பெற'." அவ்வளவுதான். பக்தியோடு பாடுகிறவர்களை இந்த அடைப்பு ஒன்றும் தடுத்துவிடாது.

இப்போது நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். "ஏட்டில் புள்ளியே இல்லையே, 'கண்டோமே' என்று நீங்களே மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிறீர்களே, அதற்கு அடைப்பு வேண்டாமா?" வேண்டாம். நான் சொன்ன விதிக்கு ஒரே விலக்கு இது, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே கொம்பு, ஒ, ஓ இரண்டுக்கும் ஒரே வடிவம். நெடிலுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தார் என்பார்கள், ஏடுகளில் அதைத் தேடாதீர்கள். கால் (ா) என்பதும் 'ர' என்பதும் ஒரே கோடு. இவையெல்லாம் எழுத்து தெளிவில்லாமல் போனதால் வந்தவை அல்ல, எழுதும் முறையே அப்படி. ஆகவே புள்ளி வைப்பது, கொம்பைக் குறிலாக்குவது, நெடிலாக்குவது, சொல் பிரிப்பது எல்லாவற்றையும் அடைப்பில்லாமல் செய்யலாம். பிரதியின் தொடக்கத்தில் "புள்ளியும் குறில், நெடிலும் சொற்பிரிப்பும் பிரதி செய்தவர் இட்டவை" என்று ஒரே வாக்கியம் எழுதிவிடுங்கள். ஆனால் இந்த விலக்குக்குள்ளும் ஒரு விலக்கு உண்டு. குறிலாகப் படித்தாலும் நெடிலாகப் படித்தாலும் பொருள் வந்தால், 'கொடி', 'கோடி' மாதிரி, 'பெறு', 'பேறு' மாதிரி, அங்கே கட்டாயம் அடிக்குறிப்பு போட வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் எழுத்தைப் படிக்கவில்லை, பொருளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதை வாசகரிடம் மறைக்கக் கூடாது.

இதற்காகத்தான் இரண்டு பிரதி எழுதச் சொல்கிறேன். முதலாவது, ஓலை எண்ணும் பக்கமும் குறித்து, ஏட்டு வரி முடிகிற இடத்தில் நீங்களும் வரியை முடித்து, புள்ளியில்லாமல், சொல் பிரிக்காமல். இரண்டாவது, பாடுவதற்கு ஏற்ப. முதல் பிரதி மலருக்கு வேண்டாம். ஆனால் அது இல்லாவிட்டால் பிற்பாடு வேறொருவர் உங்கள் வாசிப்பைச் சரிபார்க்க வழியே இல்லை.

அப்புறம் படம். உங்கள் படங்களில் பாதிச் சந்தேகம் ஓலையால் வந்ததல்ல, போனால் வந்தது. ஃபிளாஷ் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்படி வையுங்கள், கீறல் தானாகத் தெரியும். ஓலையின் அடியில் சிவப்பு அல்லது நீலக் காகிதம் வையுங்கள். இப்போது நீங்கள் கறுப்புத் துணி மேல் வைத்து எடுத்திருப்பதால் பூச்சித் துளைகூட மை பூசிய எழுத்து மாதிரி தெரிகிறது. சந்தேகம் வந்தால் ஓலையின் மறுபக்கப் படத்தைப் பாருங்கள். துளையென்றால் அதே இடத்தில் அங்கேயும் இருக்கும், எழுத்தென்றால் இருக்காது. கயிறு கோக்கும் துளையைச் சுற்றியுள்ள வெற்றிடம் எழுதியவரே விட்டது, அதை எழுத்து போன இடமென்று எண்ணிப் புள்ளி போட்டுவிடாதீர்கள். வட்சப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். அடுப்பு மேல் பரணில் இருந்த ஏடு என்று எழுதியிருக்கிறீர்கள். புகைக்கரியைத் துடைக்க ஈரத்துணி எடுக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்துக்கு ஓலையில் பூஞ்சணம் வர இதுவே போதும்.

இனிப் பணம் கேட்டவர். இவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பொறுமை போய்விடும். "ஏட்டை ஒரு மாதம் என்னிடம் விடுங்கள்" என்பதே முதல் எச்சரிக்கை. படிக்கத் தெரிந்தவருக்கு நல்ல படம் போதும். ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் ஓலையைப் பார்க்க வேண்டிவரும், அதையும் உங்கள் வீட்டில் உங்கள் முன்னால் பார்க்கட்டும். ஏட்டை வாங்கிப் பழம்பொருள் வியாபாரியிடம் தள்ளிவிட்டு, "கறையான் தின்றுவிட்டது" என்று கதை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது இலங்கைச் சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆளைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மிக மோசமாக அரித்த ஓலையின் படத்தைக் கொடுங்கள். ஒரு இடமும் விடாமல் அழகான பாட்டாகத் திருப்பிக் கொடுத்தால், அவர் படிக்கவில்லை, இயற்றுகிறார். "இதில் மந்திரம் மறைந்திருக்கிறது" என்று ஆரம்பித்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நிறுவனங்களிடம் போகலாமே என்பீர்கள். போகலாம். கடிதம், கடிதத்துக்கு மேல் ஒரு படிவம், அதற்கு ஒரு சிபாரிசு, பிறகு "அடுத்த கிழமை வாருங்கள்". தோட்டத்தில் ஒரு நாள் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை என்பது அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு எங்கே தெரியும்? படங்களின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுப்பதை மட்டும் யோசியுங்கள், அவர்கள் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கிறவர்கள்.

கடைசியாக அச்சுக்கடை. எல்லா உழைப்பும் வீணாகும் இடம் இதுதான். நம் ஊர் அச்சுக்கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான். பாமினியில் சதுர அடைப்பு விசைகளை அழுத்தினால் அடைப்பு வராது. `[` என்பது 'ஜ' ஆகும், `]` என்பது 'ஸ' ஆகும். நீங்கள் தா[யே] என்று யுனிகோடில் கொடுத்ததை அவர்கள் பாமினிக்கு மாற்றும்போது கவனிக்காவிட்டால் 'தாஜயேஸ' என்று அச்சாகும். வேறு சொல்லாக இருந்தால் யாராவது பிழையென்று கண்டுபிடிப்பார்கள். சாமிப் பாட்டில் ஜ, ஸ வந்தால் ஏதோ வடமொழி என்று நினைத்துப் பயபக்தியோடு பாடிவிடுவார்கள். ஆகவே யுனிகோட் எழுத்துருவிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடைப்புக்குறிகளை மட்டும் வேறு ஆங்கில எழுத்துருவில் போடச் சொல்லுங்கள். புரூஃப் வந்ததும் பாட்டைப் படிக்கும் முன்பு, உங்கள் பிரதியில் எத்தனை அடைப்பு இருக்கிறது, அங்கே எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவராமல் கையெழுத்துப் போடாதீர்கள், கமிட்டித் தலைவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் சரி.