80 வீத வரவுக்கு இன்னும் எத்தனை வகுப்பு?

கேள்வி: நான் பொகவந்தலாவை. கண்டியில் ஓர் அரச கல்வி நிறுவனத்தில் டிப்ளோமா படிக்கிறேன். ஒரு பாடத்தில் இதுவரை நடந்த 70 விரிவுரைகளில் 49க்குப் போயிருக்கிறேன். முழு அரையாண்டுக்கும் 120 விரிவுரைகள் என்று அட்டவணையில் உள்ளது. பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும். 7 வகுப்புத்தான் குறைகிறது, இனி 7க்குப் போனால் போதும் என்கிறார்கள் தோழிகள். இனி எட்ட முடியாது, பெயரை வெட்டிவிடுவோம் என்கிறார்கள் அலுவலகத்தில். வராத நாட்களில் 6 விரிவுரைகளுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். எது சரி? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டுமே பிழை. உங்களால் இன்னும் 80 வீதத்தை எட்ட முடியும். ஆனால் 7 வகுப்புகளால் அல்ல.

70இல் 80 வீதம் 56. உங்களிடம் 49 இருக்கிறது, ஆகவே 7 குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த 7 விரிவுரைகளும் நடக்கும்போது நடந்தவற்றின் எண்ணிக்கையும் 77 ஆகிவிடும். 77இல் 56 என்பது 72.7 வீதம் மட்டுமே. நீங்கள் போகும் ஒவ்வொரு வகுப்பும் வரவில் ஒன்றைக் கூட்டும்போதே தேவையையும் 0.8 கூட்டுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது 0.2தான். ஆகவே 7 குறைவைத் தீர்க்க 7ஐ 0.2ஆல் வகுக்க வேண்டும். விடை 35. ஒன்றையும் விடாமல் 35 விரிவுரைகளுக்குப் போனால் 105இல் 84, சரியாக 80 வீதம்.

இதைவிட எளிதான வழி, போனதை விட்டு வராததை எண்ணுவது. 120 விரிவுரைகள் என்றால் 20 வீதமான 24ஐத் தவறவிடலாம். நீங்கள் ஏற்கெனவே 21ஐத் தவறவிட்டீர்கள். மீதமுள்ள 50இல் இன்னும் 3ஐத்தான் தவறவிடலாம், 47க்குப் போயாக வேண்டும். ஒன்று குறைந்து 46 ஆனால் 120இல் 95, அதாவது 79.17 வீதம். கையேட்டில் அப்படி எழுதியிருந்தாலன்றி அதை 80 ஆக்கித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

இந்த இடத்தில்தான் பல மாணவர்கள் ஏமாறுகிறார்கள். வீதம் கணக்கிடப்படுவது அட்டவணையில் போட்ட வகுப்புகளுக்கா, உண்மையில் நடந்தவற்றுக்கா என்பதைக் கையேட்டில் பாருங்கள். நடந்தவற்றுக்கு என்றால், விரிவுரையாளர் வராமல் ஒரு வகுப்பு ரத்தானால் உங்களுக்கு நன்மை என்று நினைக்காதீர்கள். மொத்தம் 114 ஆகிவிட்டால் தவறவிடக்கூடியது 22தான், உங்களிடம் மிஞ்சுவது 1. மொத்தம் 105க்குக் கீழே போனால், மீதி எல்லாவற்றுக்கும் போனாலும் 80 வீதம் வராது. அலுவலகம் "இனி முடியாது" என்று சொல்வதற்கு அதுதான் காரணமென்றால், எத்தனை வகுப்புகள் ரத்தானவை, அவற்றுக்கு மாற்று வகுப்பு உண்டா என்பதை அவர்கள் எண்ணிக்கையோடு எழுத்தில் தரட்டும்.

அடுத்தது மருத்துவச் சான்றிதழ். அந்த 6 விரிவுரைகளை எப்படிக் கையாள்வது என்பதில் கையேடுகள் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் வந்ததாகவே எடுப்பார்கள். அப்போது வராதவை 15, இன்னும் 9ஐத் தவறவிடலாம். சில இடங்களில் மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். மொத்தம் 114, தவறவிடக்கூடியது 22, அதில் 15 போக மிஞ்சுவது 7. வரவுக் குறைவை மன்னிக்கும்படி கேட்பதற்கான ஆதாரமாக மட்டும் எடுத்து, எண்ணிக்கையை மாற்றாத இடங்களும் உண்டு. அங்கே உங்களுக்கு அந்த 3தான். ஆகவே எந்த முறை என்று தெரியும்வரை 3 என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். சான்றிதழ் அரச வைத்தியசாலையினுடையதா, கையேடு சொல்லும் தவணைக்குள் ஒப்படைத்தீர்களா என்பதும் முக்கியம். தோட்ட மருந்தகத்தில் எழுதிக் கொடுத்த துண்டை ஏற்காத நிறுவனங்கள் உண்டு. ஒப்படைத்ததற்கான முத்திரையிட்ட பிரதி கையில் இல்லையென்றால் இன்றே போய்க் கேளுங்கள்.

இனிச் சட்டம். வெறும் வாய்ச்சொல்லை வைத்து எதையும் தொடங்குவது கடினம். முதலில் நிறுவனத் தலைவருக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். அரச நிறுவனத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தருகிறது. கடிதத்தில் குறையோ கோபமோ வேண்டாம். "70இல் 49, மொத்தம் 120, எஞ்சிய 50இல் 47க்கு வந்தால் 80 வீதம் பூர்த்தியாகும்" என்ற கணக்கை எழுதி, இது பிழையென்றால் எந்த விதியின் கீழ் பிழை என்று கேளுங்கள். மருத்துவச் சான்றிதழ்கள் தொடர்பான முடிவையும் கேளுங்கள்.

கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பத்தைத் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். உங்கள் பெயருக்கான வரவுப் பதிவு, அந்தப் பாடத்தில் நடந்த விரிவுரைகளின் திகதிகள், வரவு பற்றிய விதியின் பிரதி, இந்த மூன்றும் போதும். விண்ணப்பத்தைப் பெற்றதற்கான எழுத்துமூல ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று முடிவுசெய்ய அவர்களுக்கு 14 வேலைநாட்கள் உண்டு. பரீட்சை நெருங்கும்வரை காத்திருந்தால் அந்த நாட்கள் உங்களுக்கு எதிராக ஓடும். பதிவு வந்ததும் உங்கள் குறிப்புப் புத்தகத்திலுள்ள திகதிகளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ரத்தான வகுப்பை நடந்ததாகப் போட்டிருப்பது, இரண்டு மணி விரிவுரையை ஒருவருக்கு ஒன்றாகவும் இன்னொருவருக்கு இரண்டாகவும் எண்ணியிருப்பது போன்ற தவறுகள் அங்கேதான் தெரியும்.

பெயரை வெட்டியதாகக் கடிதம் வந்துவிட்டால் அந்தத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மாணவர்களுக்குப் பொருத்திய விதியை உங்களுக்கு மட்டும் வேறுவிதமாகப் பொருத்தியிருந்தால், அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதத்தை வாங்கி வையுங்கள். அது இல்லாமல் காலத்தைக் கடத்தி வந்தவர்களின் மனுக்கள் தவணை தவறியவை என்று தள்ளுபடியாகியிருக்கின்றன. விதியையே மீறியோ, உங்கள் விளக்கத்தைக் கேட்காமலோ எடுத்த முடிவென்றால், அதை இரத்துச் செய்யும் எழுத்தாணையை 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கோரலாம். அதற்கும் தாமதம் கூடாது, பரீட்சைத் திகதிக்கு முன்பே இடைக்கால உத்தரவு கேட்க வேண்டியிருக்கும்.

இந்த வழக்குகள் கொழும்பில் நடப்பவை. செலவு உங்கள் வீட்டுக்குத் தாங்காது என்றால் கண்டியிலோ நுவரெலியாவிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போங்கள். கையேடு, வரவுப் பதிவு, முத்திரையிட்ட சான்றிதழ்ப் பிரதிகள், பதிவுத்தபால் பற்றுச்சீட்டு, வீட்டின் வருமானத்தைக் காட்டும் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உங்களுக்குப் பதிலாகத் தோழியைக் கையெழுத்துப் போட வைத்தால், 3 வகுப்புப் பிரச்சினை இருவர் மீதும் ஒழுக்காற்று விசாரணையாக மாறும். அதன் பிறகு உங்கள் பதிவேட்டிலுள்ள மற்றக் கையெழுத்துகளையும் நம்பச் சொல்லி என்னால் வாதாட முடியாது.