கோட்டைக் கழற்றுங்கள், கொலரை விடாதீர்கள்

ஹட்டன் பக்கம் காப்புறுதி விற்கிறேன். கறுப்புக் கோட், வெள்ளைச் சேர்ட், டையோடு போவேன். டவுனில் பரவாயில்லை. தோட்டங்களில் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடுகிறார்கள். எதைப் போட்டுக்கொண்டு போகலாம்?

கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் அதிகாரத் தோரணை வந்துவிடும். லயத்து வாசலில் அப்படி ஒருவர் நின்றால், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவரோ, கோர்ட் கடதாசி கொண்டு வந்தவரோ என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டு நிறங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறையுங்கள். இளநீலச் சேர்ட், கடும் சாம்பல் காற்சட்டை. கோட்டுக்குப் பதில் கடும் நீலத்தில் ‘வீ’ கழுத்து ஸ்வெட்டர். வட்டக் கழுத்து வேண்டாம், அது கொலரை மறைத்துவிடும். டையைக் கழற்றிய பிறகு ‘இவர் வேலையாக வந்தவர்’ என்று சொல்வதற்கு மிஞ்சுவது கொலர் ஒன்றுதான். மேல் பட்டனை மட்டும் திறந்துவிடுங்கள்.

டவுனில் கடை முதலாளியைப் பார்க்கும் நாளில் இதே உடுப்புக்கு மேல் கடும் நீலக் கோட் போட்டால் போதும். காற்சட்டையையும் நீலத்தில் எடுக்காதீர்கள். இரண்டு நீலமும் கொஞ்சம் மாறினாலே ஜோடி தவறிய சூட் போலிருக்கும்.

தேர்தல் காலத்தில் முழுப் பச்சை, முழுச் சிவப்புச் சேர்ட்டை அலுமாரியிலேயே விட்டுவிடுங்கள். எந்தக் கட்சி என்று கேட்ட பிறகு பொலிசி பற்றிப் பேச முடியாது!

ரெடிமேட் சேர்ட் எனக்கு எப்போதும் தொளதொளவென்று நிற்கிறது.

முதலில் தோளைப் பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையல் இருக்க வேண்டும். கைக்குள் இறங்கி நின்றால் இரவல் வாங்கியது போலத் தெரியும், அதைத் திருத்தவும் செலவு அதிகம். இடுப்புப் பக்கம் லூஸ் என்றால் எந்தத் தையல்காரரும் பிடித்துத் தருவார். பட்டன் போட்ட கொலருக்குள் இரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி. மழைச் சேற்றில் நடப்பவர் காற்சட்டையின் அடியைச் சப்பாத்தின் மேல் மடிந்து விழ விடாமல், தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வெட்டிக்கொள்வது நல்லது.

நுவரெலியா ஷோரூமில் சாரியோடு வேலை. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டால் வீட்டு உடுப்பு மாதிரி இருக்கிறது.

நீளம்தான் காரணம். இடுப்புக்குக் கீழே இறங்கும் ஸ்வெட்டர் சாரியின் மடிப்பை மூடிவிடும். இடுப்போடு நிற்கும், முன்பக்கம் பட்டன் வைத்த மெல்லிய பின்னல் ஸ்வெட்டரை எடுங்கள். நிறத்தைச் சாரியின் கரையிலிருந்து தேர்ந்தெடுங்கள், உடலிலிருந்து வேண்டாம். முந்தானை ஸ்வெட்டருக்கு மேலே வரட்டும், தோளில் ஒரு ஊசி குத்தினால் நழுவாது. வேலை அவசரத்தில் அதை இழுத்து இழுத்துச் சரிசெய்தால் வாடிக்கையாளரின் கண்ணும் அங்கேயே போகும்.

தூறலில் எந்த நிறம் காட்டிக்கொடுக்கும்?

இளநீலமும் இளஞ்சாம்பலும் ஒவ்வொரு துளியையும் காட்டும். மெல்லிய வெள்ளை நனைந்தால் உள்ளே போட்டது தெரியும். மழை மாதங்களில் சின்னக் கட்டம் போட்ட நீலச் சேர்ட் போடுங்கள், ஈரம் கண்ணில் படாது.