சப்போர்ட் கோடு உடையாமலே ஸ்டாப்லாஸ் அடிக்குதா?

"2.50 வெள்ளியில் கோடு போட்டு, 2.49-ல் ஸ்டாப்லாஸ் வெச்சேன். 2.47 தொட்டுட்டு 2.60 போயிடுச்சு. கோட்டை எங்கே போடணும்?"

கோடு வேண்டாம் நண்பரே, பட்டையாகப் போடுங்க. தினசரி சார்ட்டில், இருபுறமும் மும்மூன்று மெழுகுவர்த்திகளை விடத் தாழ்ந்த அடிகளை மட்டும் எடுங்க. உதாரணமாக மூன்று கிடைக்குதுன்னு வைங்க: வால் நுனி 2.46, 2.48, 2.47, உடலின் அடி 2.50, 2.51, 2.52. ஆகத் தாழ்ந்த வால் நுனி 2.46 கீழ் எல்லை. உடல் அடிகளில் நடு எண் 2.51 மேல் எல்லை. எப்போ வரைஞ்சாலும் இதே விதிதான், கண்மதிப்பு கூடாது.

பட்டை 5 காசு. 14 நாள் ஏடிஆர், அதாவது ஒரு நாளில் விலை சராசரியா ஏறி இறங்கும் அளவு, 6 காசுன்னா சரி. பட்டை அதைத் தாண்டினா, தனியா விலகி நிற்கும் அடியை விட்டுட்டு மறுபடி வரைங்க.

வால் மட்டும் 2.45 தொட்டா உடைஞ்சதா அர்த்தமில்லை, அன்றைய விலை 2.46-க்குக் கீழே முடியணும். அதனால் ஸ்டாப்லாஸ் 2.43 பக்கம். நஷ்டம் பெரிசாகுமே, லாட்டைக் குறைச்சுக்குங்க. ரிசல்ட் வரும் நாளிலும், டிவிடெண்ட் கழியும் நாளிலும் இந்தப் பட்டையை நம்பாதீங்க.