பழைய பாமினி கோப்பும் ‘புளுவு’ வரியும்

கேள்வி: தேக்கா பக்கம் கேட்டரிங் நடத்துகிறோம். அப்பா காலத்து விலைப்பட்டியல், கொட்டேஷன் எல்லாம் எக்செலில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்தோம். ‘எழுத்துரு மாற்றம்’ என்று தனியாக ஒரு கட்டணம் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே மாற்றலாமாமே, பிறகு எதற்குக் காசு? கொடுக்கலாமா?

பதில்: அந்த வேலைக்குக் காசு கேட்பது அநியாயம் இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதியை நீங்களே ஒரு மாலையில் முடித்துவிடலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்.

தமிழ் இருக்கும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றுங்கள். ‘விலை ஒரு நபருக்கு 12 வெள்ளி’ என்று இருந்த இடத்தில் இப்படித் தெரியும்:

```
tpiy xU egUf;F 12 nts;sp
```

கோப்பில் உண்மையில் இருப்பது இதுதான். பாமினி இந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலும், மொழிபெயர்ப்பாளரின் மென்பொருளில் ஏற்றினாலும் வேஷம் கலைந்துவிடும். நூற்றுக்கணக்கான கட்டங்களை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றால், பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தில் `=UNICODE(A2)` என்று போடுங்கள். இது முதல் எழுத்தின் எண்ணைச் சொல்லும். 2944-க்கும் 3071-க்கும் இடையில் வந்தால் அது ஏற்கெனவே யூனிகோட் தமிழ், அதாவது எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் எழுத்து. மேலே உள்ள வரிக்கு 116 வரும். அது வெறும் ஆங்கில `t`.

சரி, பாமினியை யூனிகோட் ஆக்கும் இலவச மாற்றியில் முழுத் தாளையும் ஒட்டி மாற்றினால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு பூக்கடைக்காரர் அப்படித்தான் செய்தார். தமிழ் வரிகள் அழகாக வந்தன. ஆனால் `GST` என்று இருந்த இடமெல்லாம் ‘புளுவு’ ஆகிவிட்டது. `Ltd` ‘டுவன’ ஆனது. `1,250.00` என்ற தொகை ‘1இ250.00’ ஆனது, ஏனென்றால் பாமினியில் காற்புள்ளிச் சாவிதான் ‘இ’. ஆங்கிலமும் எண்களும் அந்தத் தாளில் வேறு எழுத்துருவில்தான் இருந்தன. ஒட்டும்போது எழுத்துரு விவரம் தொலைந்துபோகிறது. எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரிய வழியில்லை. புளுவு 7 விழுக்காடு என்று வாடிக்கையாளருக்கு ஒரு கொட்டேஷன் போயே போய்விட்டது.

ஆகவே பாமினியில் உள்ள கட்டங்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். எக்செலில் `Ctrl+F` அழுத்தி, `Options`, பிறகு `Format` சென்று எழுத்துருவாகப் பாமினியைக் கொடுங்கள். `Find All` அழுத்தி, கீழே வரும் பட்டியலில் `Ctrl+A` கொடுத்தால் அந்தக் கட்டங்கள் அத்தனையும் தேர்வாகிவிடும். அவற்றுக்கு மஞ்சள் நிறம் பூசிவிடுங்கள். மஞ்சளை மட்டும் மாற்றியில் போட்டு, வந்ததைத் திரும்ப ஒட்டுங்கள். ஒரே கட்டத்துக்குள் பாதி பாமினி, பாதி ஏரியல் என்று கலந்திருந்தால் இந்தத் தேடல் ஏமாற்றலாம்; அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கடைசியில் மஞ்சள் கட்டங்களின் எழுத்துருவையும் மறக்காமல் `Nirmala UI` அல்லது `Latha` ஆக்குங்கள். இல்லையென்றால் நாளைக்கு அதே கட்டத்தில் நீங்கள் `GST` என்று அடித்தாலும் புளுவுதான் வரும்.

அடுத்ததுதான் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தொல்லை: நம் வெள்ளி. பாமினியில் ‘ளகரம்’, ஔகாரத்தின் வலது பக்கத் துண்டு இரண்டுக்கும் ஒரே சாவி, `s`. ‘வெள்ளி’யை `nts;sp` என்றுதான் அடிக்க வேண்டும். சில மாற்றிகள் முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் ‘வௌ’ என்று முடிவுகட்டி, ‘வௌ்ளி’ என்று தந்துவிடுகின்றன. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். சில எழுத்துருக்களில் மட்டும் நடுவில் ஒரு புள்ளிவட்டம் காட்டிக்கொடுக்கும். ஆனால் தேடினால் கிடைக்காது, மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கும் அது அறியாத சொல். ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளை’ எல்லாவற்றுக்கும் இதே கதி.

கண்டுபிடிப்பது சுலபம். மாற்றுவதற்கு முன் `nts;sp` என்று தேடி எத்தனை கட்டங்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின், முன்பு கொடுத்த பாமினி நிபந்தனையை `Clear Find Format` மூலம் நீக்கிவிட்டு, ‘வெள்ளி’ என்று, நீங்களே யூனிகோடில் தட்டச்சு செய்து, தேடுங்கள். முன்னது 86, பின்னது 0 என்றால் விஷயம் புரிந்துவிடும். திருத்துவதற்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
=SUBSTITUTE(A2,UNICHAR(3020)&UNICHAR(3021),
 UNICHAR(3014)&UNICHAR(2995)&UNICHAR(3021))
```

ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளி வந்தால் அதைப் பிரித்து ‘ள்’ ஆக்குகிறது. ‘வெளி’ போன்ற சொற்களுக்கு இரண்டு இடத்திலும் 3021-ஐ 3007 ஆக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். ‘கௌரவம்’, ‘மௌனம்’ கெட்டுப்போகுமோ என்று பயப்பட வேண்டாம். அவற்றில் ஔகாரத்துக்குப் பின் முழு எழுத்து வருகிறது; சூத்திரம் அவற்றைத் தொடாது.

இலவச மாற்றி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கொட்டேஷனில் வாடிக்கையாளர் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் இருக்கும். அதைப் பாதுகாக்கும் பொறுப்பு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களுடையது. முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டிவிட்டு அப்புறம் கைபிசைய முடியாது. மாற்றிப் பக்கத்தைத் திறந்ததும் வைஃபையைத் துண்டித்துவிட்டு, போலியாக ஒரு வரி ஒட்டி மாற்றிப் பாருங்கள். மாறினால் வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. உண்மையான வரிகளையும் அதே நிலையில் மாற்றி, பக்கத்தை மூடிவிட்டு, பிறகு இணைப்பைப் போடுங்கள். மாறவில்லை என்றால் அந்தத் தளத்தில் உணவுப் பெயர்களை மட்டும் போடுங்கள், ஆட்களின் பெயர் வேண்டாம்.

இவ்வளவும் எக்செல் விலைப்பட்டியலுக்கு. படமும் பெட்டியும் அட்டவணையுமாக வேர்டில் செய்த மெனு அட்டைகள் இருந்தால், அவற்றை மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமே விட்டுவிடுங்கள்; வரிக்கு வரி எழுத்துரு மாறும் கோப்பில் இது நிஜமாகவே மெனக்கெடும் வேலை. ஆனால் காசு கொடுக்கும் முன் மாதிரிக்கு ஒரு பக்கம் மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘வெள்ளி’, `GST`, `1,250.00` மூன்றும் இருக்கும் பக்கமாகப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள். மூன்றும் சரியாக வந்தால் கட்டணம் நியாயம். ‘புளுவு’ வந்தால், அவர்களும் ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஒட்டி எடுத்துவிட்டு உங்களிடம் காசு கேட்கிறார்கள்.

அவர்களுடைய கொட்டேஷனில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஆங்கிலத்தோடு, மாற்றிய யூனிகோட் தமிழ்க் கோப்பையும் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். பலரும் ஆங்கிலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த வருஷம் விலை ஏறும்போது மறுபடி பாமினியிலிருந்து தொடங்கி, அதே கட்டணத்தை மறுபடி கட்டுகிறார்கள்.