வாழைக் கட்டுரை பாட்டாகிவிட்டதா?

*"தாண்டிக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் மலைவாழை பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். படித்துக் காட்டியதும் 'என்னம்மா, பாட்டு மாதிரி இருக்கு' என்று மகள் சிரிக்கிறாள். சில இடங்களில் எனக்கே நாக்கு சுற்றுகிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஓசை திருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? நானே பார்த்துச் சரிசெய்ய வழி உண்டா? ஒரு பத்தியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்."*

கொடுக்காதீர்கள். இந்த வேலைக்கு உங்களுக்குத் தேவை ஒரு பென்சிலும் இன்னொருவருடைய வாயும்தான். முதலில் நீங்கள் அனுப்பிய பத்தியை அப்படியே இங்கே தருகிறேன்.

"கீழ்மலை மலைவாழைக் குலைகளின் விளைச்சல் வீழ்ந்தது. முடிக்கொத்து நோயால் இலை குறுகியது, குலை சிறுத்தது, நிலை மாறியது. வத்தலக்குண்டுக்குக் கொண்டு கொடுக்கக்கூடிய குலைகள் குறைக்கப்பட்டுவிட்டன. தோட்டங்கள் கைவிடப்பட்டு, மரங்கள் அகற்றப்பட்டு, வாழை மறக்கப்பட்டது."

விஷயம் நன்றாக இருக்கிறது, ஓசைதான் தொல்லை. மகள் சிரித்தது இரண்டாவது வாக்கியத்துக்காக இருக்கும். இலை, குலை, நிலை. மூன்றிலும் முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து 'லை'. செய்யுளில் இதற்கு எதுகை என்று பெயர். முதலெழுத்தின் அளவும் ஒத்திருந்தால்தான் எதுகை அமையும். அதனால்தான் 'மலை'யும் 'விலை'யும் சேர்ந்தால் காதில் மணி அடிக்கிறது, 'மாலை'யும் 'விலை'யும் சேர்ந்தால் அடிப்பதில்லை. மலைவாழையைப் பற்றி எழுத உட்கார்ந்த உங்களுக்கு மலை, இலை, குலை, விலை, நிலை எல்லாம் ஒரே பத்தியில் வந்துதான் தீரும். எழுதுகிற பொருளே வைத்த பொறி இது.

ஆனால் எதுகை மட்டும் இருந்தால் பாட்டாகிவிடாது. அந்த மூன்று துண்டுகளையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டு சொல், ஒவ்வொன்றும் 'து' என்று முடிகிறது. நீளமும் ஒத்து, தொடக்கமும் ஒத்து, முடிவும் ஒத்துப்போனால் கை தானாகத் தாளம் போடும். எனவே மூன்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு துண்டை நீட்டி, ஒரு 'லை'யை எடுத்துவிட்டால் போதும்.

இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். தமிழில் வினை கடைசியில் வருவதால் வாக்கியங்கள் 'தது', 'ன்றன', 'ப்பட்டது' என்று முடிவது இயல்பு, கண் அதைக் கடந்து போய்விடும். ஆகவே ஒரு தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும், காற்புள்ளிக்கு முந்தைய சொல்லையும் கீழ்க்கீழாக எழுதுங்கள். விகுதி மட்டும் ஒத்திருந்தால் விட்டுவிடுங்கள், காது அதைப் பொருட்படுத்தாது. விகுதிக்கு முந்தைய எழுத்தும் ஒத்திருக்கிறதா, துண்டுகள் ஒரே நீளமா என்று மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அங்கே வட்டமிடுங்கள். உங்கள் நான்காவது வாக்கியத்தில் கைவிடப்பட்டு, அகற்றப்பட்டு, மறக்கப்பட்டது என்று மூன்றும் அப்படியே வந்து நிற்கும்.

இந்த 'ப்பட்டு' எங்கிருந்து உங்கள் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். 'பரிசீலிக்கப்பட்டு, உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்று வருகிற அலுவலகக் கடிதங்களிலிருந்துதான். யார் பரிசீலித்தார் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே கண்டுபிடித்த நடை அது. பள்ளிக்கூடத்திலும் அதுதான் உயர்ந்த உரைநடை என்று மதிப்பெண் போடுகிறார்கள். பிறகு பிள்ளைகள் 'அம்மாவால் தோசை சுடப்பட்டது' என்று எழுதினால் யாரைக் குறை சொல்வது? கணினியில் தட்டச்சு செய்திருந்தால் `Ctrl+F` அழுத்தி 'ப்பட்' என்று தேடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யார் செய்தது என்று கேளுங்கள். வாழையைத் தோண்டி எறிந்தது தோட்டக்காரர்கள்தானே? அவர்களையே எழுவாயாக வையுங்கள். பாதி எதிரொலி அங்கேயே போய்விடும்.

இனி நாக்கு சுற்றும் இடங்கள். உங்கள் முதல் வாக்கியத்தில் ழ, ல, ல, ழ, ல, ள, ள, ல, ழ என்று ஐந்து சொல்லுக்குள் ஒன்பது முறை வருகிறது. 'ல' சொல்ல நாக்கின் நுனி மேற்பல்லுக்குப் பின்னால் தொட வேண்டும். 'ள' சொல்ல நுனி மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும். 'ழ' சொல்ல மடிந்த நுனி தொடாமல் நிற்க வேண்டும். இவ்வளவு நெருக்கத்தில் நாக்கு மூன்று இடத்துக்கும் ஓடி ஓடித் திரும்பினால் சறுக்கத்தான் செய்யும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாக இருங்கள். நம் திண்டுக்கல், மதுரைப் பக்கத்தில் பலர் 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறோம். அப்படிச் சொல்பவரிடம் வாசிக்கக் கொடுத்தால் ழகரச் சிக்கல் அவர் வாயில் வராது, சரளமாக வாசித்துவிடுவார். சிக்கல் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். ழகரத்தைத் திருத்தமாகச் சொல்லும் ஒருவரிடம் கொடுங்கள். ஒப்புவித்தல் போட்டிக்குப் போகிற பள்ளிப் பிள்ளை கிடைத்தால் மிக நல்லது. அந்தப் பிள்ளை இதற்கு முன் கட்டுரையைப் பார்த்திருக்கக் கூடாது. உங்கள் மகள் இனி உதவமாட்டாள், அவளுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பிள்ளை வாசிக்கும்போது இன்னொரு படியில் பென்சிலோடு பின்தொடருங்கள். நின்ற இடம், திரும்ப வாசித்த இடம், இழுத்துப் பாடிய இடம், இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் திருத்தவோ விளக்கவோ வேண்டாம்.

முன்பு அச்சகங்களில் ஒருவர் மூலப்படியை உரக்க வாசிப்பார், மெய்ப்புத் திருத்துபவர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டு வருவார். எழுத்துப் பிழைக்காக வைத்த ஏற்பாடு, ஓசைப் பிழையும் அதில் மாட்டிக்கொள்ளும். செலவு மிச்சம் என்று அதை எடுத்துவிட்டார்கள். இப்போது புத்தகம் வந்த பிறகு வாசகர் கண்டுபிடிக்கிறார்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் நீங்களே வாசித்துக் கைபேசியில் பதிவுசெய்து, மறுநாள் தாளைப் பார்க்காமல் கேளுங்கள். கைபேசியே வாசித்துக் காட்டும் வசதியையும் பயன்படுத்தலாம், ஆனால் எதுகையைப் பிடிக்க மட்டும். அதற்கு நாக்கு இல்லை, அதனால் எந்தச் சிக்கலிலும் தடுக்கி விழாது.

மூன்றாவது வாக்கியம் வேறு வகை. 'வத்தலக்குண்டுக்குக் கொண்டு கொடுக்கக்கூடிய குலைகள் குறைக்க' என்று ககரம் மூச்சுவிட இடம் தரவில்லை. இதில் பலர் செய்கிற தவறு, 'க்குக்' என்பதில் கடைசி ஒற்றை எடுத்துவிடுவது. எடுக்காதீர்கள். 'கு' உருபுக்குப் பின் வல்லினம் மிகும், எழுத்தில் எடுத்தாலும் வாய் அதைச் சொல்லத்தான் செய்யும். அடுத்த சொல்லை மாற்றுங்கள். 'க்கு' வந்தால் அடுத்த சொல் ககரத்தில் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். 'வத்தலக்குண்டுக்கு அனுப்பும்' என்றாலே பாதி அவிழ்ந்துவிடும். 'கொடுக்கக்கூடிய' என்பது 'தரும்' என்பதன் ஊதிப்பெருத்த உருவம், அதைத் தூக்கிவிடலாம்.

பெயர்களை மட்டும் தொடக்கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஓசைக்காகப் பெயரை வெட்டும் பழக்கம் பெருகிவிட்டது. வத்தலக்குண்டு வத்தலக்குண்டுதான். பட்டிவீரன்பட்டியில் இரண்டு 'பட்டி' இருந்தால் இருக்கட்டும். 2008-09இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பக்கத்து இரண்டு பழங்களில் ஒன்று விருப்பாச்சி மலைவாழை, மற்றது சிறுமலை மலைவாழை. இரண்டாவதில் 'மலை மலை' என்று அடுத்தடுத்து வருகிறது. ஒன்றை வெட்டி 'சிறுமலை வாழை' என்றால் காதுக்கு இதம், ஆனால் அது சிறுமலையில் விளையும் எந்த வாழையாகவும் ஆகிவிடும். எனவே முழுப் பெயரை ஒருமுறை எழுதுங்கள், அந்த வாக்கியத்தில் வேறு 'லை' வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வாக்கியத்திலிருந்து 'அந்தப் பழம்' என்று போய்விடுங்கள். முடிக்கொத்து நோய்க்கும் இதே முறைதான். இடத்தைவிட்டு நகராதது பெயர், நகர வேண்டியது அதன் அக்கம்பக்கம்.

அந்த 'ஓசை திருத்துபவர்' விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் செய்வது இவ்வளவுதான்: உங்கள் பக்கங்களை எழுத்துப் பிழை பார்க்கும் மென்பொருளில் போடுவார்கள், நாலு ஒற்று சேர்ப்பார்கள், நீங்கள் வீட்டில் பேசுகிற சொல்லை எடுத்துவிட்டுப் புத்தகச் சொல்லை வைப்பார்கள். ஓசை முன்பைவிட மோசமாகும். அடுத்த மாதம் 'தொகுப்பு நூலில் சேர்க்கிறோம், ஆளுக்குப் பத்துப் படி வாங்க வேண்டும்' என்று வருவார்கள். சோதிக்க வேண்டுமானால் உங்கள் முன்னால் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் மடிக்கணினியைத் திறந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். முன்பணமும் மூலப்படியும் யாரிடமும் போகக் கூடாது.

இப்போது உங்கள் பத்தி. ஊரில் எல்லோரும் தார் என்றுதானே சொல்கிறீர்கள்? 'குலை'யை எடுத்துவிட்டு அதையே போட்டேன். எதுகையும் போனது, ஒரு லகரமும் குறைந்தது.

"முடிக்கொத்து நோய் வந்த பிறகு தாண்டிக்குடிப் பக்கம் மலைவாழைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நின்றன; தார் தள்ளவே இல்லை. தப்பித் தவறித் தள்ளிய ஒன்றிரண்டும் சூம்பிப்போயிருந்தன. வத்தலக்குண்டுக்கு அனுப்பும் தார் வருஷா வருஷம் குறைந்தது. பலர் வாழையைத் தோண்டி எறிந்துவிட்டு, காப்பியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்."

இதிலும் சரிந்தன, நின்றன, இருந்தன என்று மூன்று முடிவு ஒத்துப்போகிறது. அதைத் தொடவில்லை. சரிந்தன, இருந்தன இரண்டில் விகுதிக்கு முந்தைய எழுத்தும் ஒத்திருக்கிறது, ஆனால் வாக்கியங்களின் நீளம் வெவ்வேறு. 'தப்பித் தவறித் தள்ளிய' என்ற இடத்தில் மட்டும் தகரம் ஐந்து முறை வருகிறது. பிள்ளை அங்கே தடுமாறினால் 'தப்பித் தவறி'யை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இருக்கட்டும். திருத்திய பின் முந்தைய வாக்கியத்தையும் பிந்தைய வாக்கியத்தையும் சேர்த்து இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். புதிதாக வைத்த சொல் பக்கத்துச் சொல்லோடு முட்டுவது அங்கேதான்.