ஒரே ஒரு ஜேபெக் லோகோவிலிருந்து 5 நொடி வீடியோ

கேள்வி: சின்னத் தொழில் செய்கிறேன். லோகோ ஒரு ஜேபெக் படமாக மட்டும்தான் இருக்கிறது. அதை வீடியோக்களின் தொடக்கத்தில் போட 5 நொடி அனிமேஷனாக எப்படி மாற்றுவது?

முதலில் படத்தைப் பிரியுங்கள். அனிமேஷன் அப்புறம்தான். ஜேபெக்கில் எல்லாம் ஒரே தகடாக ஒட்டிக்கிடக்கும். அப்படியே ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் போட்டால் மொத்தமாகப் பெரிதாக்கலாம், மங்கலாக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு வளையம், அதற்குள் ஓர் இலை, கீழே தொழிலின் பெயர். இப்படி ஒரு லோகோவை நான் செய்த விதத்தையே சொல்கிறேன். வெள்ளைப் பின்னணியை மட்டும் அழித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். கறுப்புப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளைப் பிசிறு. ஜேபெக்கில் நிறமும் வெள்ளையும் சேரும் இடத்தில் இரண்டும் கலந்த புள்ளிகள் இருக்கும். எந்த அழிப்பான் கருவியாலும் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. அதனால் இங்க்ஸ்கேப்பில் ஜேபெக்கைக் கீழ் லேயரில் மங்கலாக வைத்துப் பூட்டிவிட்டு, மேலே திரும்ப வரைந்தேன். `Trace Bitmap` இலைக்குச் சரியாக வந்தது. வளையத்துக்கு வரவில்லை, கோடு நெளிந்தது. வட்டக் கருவியால் அதை நேரடியாகப் போட்டேன். பெயரின் வளைவுகளைப் பேனா கருவியால் எடுத்தேன். மொத்த நேரத்தில் பாதி இதற்கே போகும், போகட்டும்.

பக்கத்தின் அளவை 1920×1080 என்று வைத்து, வளையம், இலை, பெயர் மூன்றையும் தனித்தனி பிஎன்ஜியாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தையும் ஏற்றுமதி செய்யுங்கள், மற்ற இரண்டையும் கீழ் லேயரில் உள்ள ஜேபெக்கையும் மறைத்துவிட்டு. மூன்றும் ஒரே அளவில் இருப்பதால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அடுக்கியதும் தானாகவே அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

இனி நேரம். நொடிக்கு 30 பிரேம் என்றால் 5 நொடிக்கு 150 பிரேம். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பெயரைப் படிக்க ஆட்களுக்கு நேரம் வேண்டும், அதனால் பின்பாதி 75 பிரேம் முழு லோகோ அசையாமல் நிற்கட்டும். பலர் நாலரை நொடி ஆட்டம் காட்டிவிட்டு, பெயர் தெரிந்த மறுகணமே வீடியோவை முடித்துவிடுகிறார்கள். நான் வைத்தது: வளையம் 10 முதல் 40 வரை, இலை 32 முதல் 55 வரை, பெயர் 52 முதல் 75 வரை. ஒன்று முடியும் முன்பே அடுத்தது தொடங்குவதைக் கவனியுங்கள். ஒன்று நின்ற பிறகு அடுத்தது வந்தால் படம் விட்டுவிட்டு நகர்வதுபோல் இருக்கும்.

வளையத்துக்கு `Radial Wipe` போட்டு, `Transition Completion` மதிப்பை 100-லிருந்து 0-க்குக் கொண்டுவாருங்கள். பேனாவால் சுற்றி வரைவதுபோலவே தெரியும். `Wipe Center` பிரேமின் நடுவில்தான் முதலில் இருக்கும். பெயருக்கு இடம்விட்டு வளையம் சற்று மேலே இருப்பதால், அதை வளையத்தின் மையத்துக்கு நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தாவிட்டால் வரைந்துகொண்டு போகும் முனை சாய்வாக வெட்டுப்படும்.

இலையிலும் இதே சிக்கல்தான். `Anchor Point` காம்பின் அடியில் இருக்க வேண்டும். நடுவிலேயே விட்டால் இலை முளைக்காது, ஊதிப் பெருக்கும். `Scale` 0-லிருந்து 106 வரை போய் 100-க்குத் திரும்பட்டும். அந்த 6 போதும், 20 வைத்தால் ரப்பர்போல் ஆடும்.

பெயர், ஒரு மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து கீழிருந்து மேலே எழட்டும். வேகமாக வந்து மெதுவாக நிற்கும்படி `Graph Editor`-இல் கடைசிக் கீஃபிரேமின் `Influence`-ஐ 80 அளவுக்கு ஏற்றுங்கள். எழுத்து எழுத்தாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டால், தமிழ்ப் பெயரில் ‘கொ’ போன்றவற்றை ஒரே துண்டாக வெட்டுங்கள். கொம்பு தனியாக முன்னே வந்து நின்றால் பார்க்கவே பாவமாக இருக்கும்.

முடித்ததும் ஒரு சோதனை. 149-ஆவது பிரேமுக்குப் போய், அசல் ஜேபெக்கை மேலே வைத்து, பிளெண்ட் மோடை `Difference` என்று மாற்றுங்கள். பின்னணியும் வெள்ளையாக இருக்க வேண்டும், ஜேபெக்கின் அளவும் இடமும் பொருந்த வேண்டும். திரை கறுத்து, ஓரங்களில் மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் சரி. எங்காவது பட்டையாக வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துண்டு இடம் நகர்ந்திருக்கிறது. எனக்குப் பெயர் 4 பிக்சல் கீழே இருந்தது இப்படித்தான் தெரிந்தது; வெறும் கண்ணுக்குப் படவே இல்லை.

வெள்ளைப் பின்னணியோடு தனியாக ஓட்டுவதற்கு எம்பி4 போதும். வேறு வீடியோவின் மேல் வைக்க, பின்னணி இல்லாமல் வேண்டுமென்றால், வெள்ளை லேயரை அணைத்துவிட்டு புரோரெஸ் 4444 எடுங்கள், `Channels` இடத்தில் `RGB + Alpha` தேர்ந்தெடுத்து. வழக்கமான எம்பி4-இல் அந்த ஒளிபுகும் பகுதி கறுப்பாகிவிடும்.