தேர் வீடியோவில் பெயர் தெரியவில்லை என்றால்

"சுங்கை சிப்புட்டில் தேர்த் திருவிழா எடுத்தேன். பேட்டி கொடுப்பவர் பெயரை வெள்ளை எழுத்தில் கறுப்பு அவுட்லைனோடு போட்டும் படிக்க முடியவில்லை. பின்னால் கூட்டம், செம்பனை ஓலை."

அவுட்லைனை எடுத்துவிடுங்கள். பல மென்பொருள்களில் அது பாதி எழுத்துக்குள்ளேயே விழும். மெய்யெழுத்தின் புள்ளியையும் 'ணி'யின் சுழியையும் தின்றுவிடும். ஓலைக் கீற்றும் எழுத்தின் கோடும் கிட்டத்தட்ட ஒரே தடிமன் என்பதால்தான் கண் தடுமாறுகிறது. அதனால் பின்னணியைத்தான் அடக்க வேண்டும்.

காட்சியின் கிளிப்பை மேல் டிராக்கில் நகலெடுத்து, பெயர் வரும் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து நன்றாக பிளர் கொடுங்கள். அதன்மேல் கறுப்புப் பட்டை, ஒபாசிட்டி 65%. வெள்ளை வானம் பின்னால் வந்தாலும் கான்ட்ராஸ்ட் ஏறக்குறைய 7:1 நிற்கும். பட்டை அழகாகத் தெரியட்டும் என்று 30%க்கு இறக்கினால் அது 2:1 ஆகிவிடும், பெயர் போய்விடும். பட்டையின் மேல் ஓரத்தை மட்டும் ஃபெதர் செய்தால் உறுத்தாது.

பட்டைக்கு உயரம் தாராளமாக விடுங்கள். 'கீ'யின் கொக்கி மேலே ஏறும், 'மூ'வின் வால் கீழே இறங்கும். ரொம்பத் தடித்த எழுத்துருவும் வேண்டாம், சுழி அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், கேமரா நகரும் ஷாட் என்றால் வானம் அதிகம் தெரியும் ஃபிரேமில் நிறுத்தி, சாச்சுரேஷனை முழுதாக இறக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் போனில் பாருங்கள். அங்கே படிக்க முடிந்தால் சரி.